கதவடியில் வெளியே வந்த புகை: தனிமை அறை கட்டும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனைகளில் தனிமை அறைகளை வரைகிற, கட்டுகிற, சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற பொறியாளர்களுக்கு,

வணக்கம். இருபது வருடமாகக் காற்று அளக்கும் வேலை பார்க்கிறேன். கட்டடம் முடிந்து, ஏசியும் டக்டும் மாட்டியபின், வரைபடத்தில் எழுதிய அளவு காற்று உண்மையிலேயே வருகிறதா, போகிறதா என்று அளந்து சொல்வதுதான் என் பிழைப்பு. உங்களில் பலருடன் மொட்டைமாடி வெயிலில் நின்று வாக்குவாதம் செய்திருக்கிறேன். அதனால் உரிமையோடு எழுதுகிறேன்.

ஒரு கோடையில், ஒரு மாவட்டத் தலைநகரின் மருத்துவமனையில், மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத காசநோயாளிகளுக்கென்று கட்டிய அறையைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஊரின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் இங்கே தேவையில்லை. கதவுக்கு மேல் 'நெகட்டிவ் பிரஷர் அறை' என்று பலகை, அதாவது வராந்தாவிலிருந்து காற்று உள்ளே மட்டும் போக வேண்டிய அறை. பக்கத்துச் சுவரில் வட்டமான கேஜ். முள் 15 பாஸ்கலில் நின்றது. அறை 4 மீட்டருக்கு 3.5 மீட்டர், உயரம் 3 மீட்டர். எக்ஸாஸ்ட் கிரில்லில் கருவியை வைத்து அளந்தேன். மணிக்கு 500 கன மீட்டரை ஒட்டி வந்தது. அறையின் கொள்ளளவு 42 கன மீட்டர். ஆக, மணிக்குப் பன்னிரண்டு முறை அறைக் காற்று முழுவதும் மாறுகிறது. பல நாடுகளில் புதிதாகக் கட்டும் தனிமை அறைக்குக் கேட்கிற அளவு இதுதான். ஒப்பந்ததாரர் மீது குறை சொல்ல எதுவும் இல்லை.

அப்புறம் வழக்கம்போல ஊதுபத்தி கொளுத்தினேன். கதவை மூடிவிட்டு, வெளியே நின்று, கண் உயரத்தில் கதவு விளிம்பை ஒட்டிப் பிடித்தேன். புகை மெதுவாக உள்ளே போனது. பக்கத்தில் நின்ற நர்ஸ், "எப்பவும் இப்படித்தான் சார் பார்த்துட்டுப் போவாங்க" என்றார். நான் மண்டியிட்டுக் கதவின் அடி இடுக்கில் பிடித்தேன். புகை என் முகத்தில் அடித்தது. அறைக்குள் இருந்து காற்று வெளியே வந்துகொண்டிருந்தது.

ஃபேன் சரி, காற்று மாற்று சரி, கேஜ் சரி. ஆனாலும் நோயாளியின் காற்று வராந்தாவுக்கு வருகிறது. இந்த மடல் முழுக்க இந்த ஒரு புதிரைப் பற்றித்தான்.

காற்று மாற்றும் அழுத்தமும் வேறு வேறு விஷயங்கள். டெண்டர் ஆவணங்களில் இரண்டும் ஒரே வரியில் வருவதால், முதலாவது கிடைத்தால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று நம்பிவிடுகிறோம். காற்று மாற்று, அறைக்குள் மிதக்கும் கிருமியை நீர்த்துப்போகச் செய்கிறது. மணிக்கு 12 என்றால், நோயாளி வெளியே போன பிறகு அறையிலுள்ள துகள்களில் 99 சதவீதம் வெளியேற ஏறத்தாழ 23 நிமிடம் ஆகும், 99.9 சதவீதம் போக 35 நிமிடம். மணிக்கு 6 என்றால் இந்த நேரங்கள் இரட்டிப்பாகும். அறைக் காற்று நன்றாகக் கலக்கிறது என்று வைத்துக்கொண்டு போடுகிற கணக்கு இது. மூலையில் காற்று தேங்கினால் நேரம் இன்னும் கூடும். துப்புரவுப் பணியாளர் எவ்வளவு நேரம் கழித்து உள்ளே போகலாம் என்று முடிவு செய்ய இந்த எண் உதவும். அறைக் காற்று எந்தப் பக்கம் கசிகிறது என்பதைப் பற்றி இந்த எண் ஒன்றும் சொல்லாது.

அதைச் சொல்வது அழுத்த வித்தியாசம். அறை வராந்தாவைவிடக் குறைந்தது 2.5 பாஸ்கல் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2005 காசநோய் வழிகாட்டுதல் கேட்கிற அளவு. 2.5 பாஸ்கல் என்பது தண்ணீரைக் கால் மில்லிமீட்டர் உயர்த்துகிற அழுத்தம், அவ்வளவுதான். அதை உண்டாக்குவதும் எளிது, தொலைப்பதும் எளிது. நடைமுறையில் 10 பாஸ்கலுக்கு வடிவமைத்தால்தான் கதவு தேய்ந்து, ஃபில்டர் அடைத்து, வராந்தாவில் காற்றடிக்கிற நாளிலும் 2.5 மிஞ்சும்.

அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது? உள்ளே தள்ளுகிற காற்றைவிட வெளியே இழுக்கிற காற்று அதிகம். அந்த வித்தியாசத்தை ஈடுகட்டச் சுற்றியுள்ள இடுக்குகள் வழியாகக் காற்று நுழைய வேண்டும். இடுக்கு சிறியதாக இருந்தால் காற்று திணறிக்கொண்டு நுழையும். அந்தத் திணறல்தான் அழுத்த வித்தியாசம். கணக்கு எளிது:

`Q = 0.83 × A × √ΔP`

Q நொடிக்குக் கன மீட்டர், A மொத்த இடுக்கின் பரப்பு சதுர மீட்டரில், ΔP பாஸ்கலில். நம் அறையில் இழுப்பது மணிக்கு 504, தள்ளுவது 314. வித்தியாசம் 190, அதாவது நொடிக்கு 0.053 கன மீட்டர். கதவின் அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி, பக்கவாட்டு விளிம்புகள் எல்லாம் சேர்த்து 0.02 சதுர மீட்டர் என்று வையுங்கள். ΔP பத்து பாஸ்கல் வரும். வடிவமைத்தவர் போட்ட கணக்கும் இதேதான், பிழையில்லை.

அவர் கணக்கில் எடுக்காதது தலைக்கு மேலே இருந்தது. இரண்டடிக்கு இரண்டடி சட்டத்தில் உட்காரவைத்த ஃபால்ஸ் சீலிங். 14 சதுர மீட்டர் கூரைக்கு 39 ஓடுகள். ஓர் ஓட்டின் சுற்றளவு 2.4 மீட்டர், எல்லாம் சேர்த்து 94 மீட்டர் விளிம்பு. ஒவ்வொரு விளிம்பிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி என்றாலும் 0.094 சதுர மீட்டர் ஓட்டை. கிட்டத்தட்ட ஓர் அடிக்கு ஓர் அடி அளவில் ஒரு ஜன்னலைக் கூரையில் திறந்து வைத்ததற்குச் சமம். கதவு இடுக்குகளோடு சேர்த்தால் மொத்தம் 0.114. மேலே உள்ள கணக்கில் போட்டுப் பாருங்கள்: 10 பாஸ்கல் 0.3 ஆகச் சுருங்கிவிடும்.

சரி, 0.3 என்றாலும் தாழ்ந்துதானே இருக்கிறது, புகை ஏன் வெளியே வந்தது? இங்கேதான் நம் ஊர் வெயில் வருகிறது. அறைக்குள் 24 டிகிரி. ஏசி இல்லாத வராந்தாவில் அன்று 33. கூரைக்கும் ஃபால்ஸ் சீலிங்கிற்கும் நடுவே இன்னும் சூடு. குளிர்ந்த காற்று கனமானது, கீழே அழுத்தும். ஒன்பது டிகிரி வித்தியாசத்துக்கு, மூன்று மீட்டர் உயரத்தில், அறையின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே ஏறத்தாழ 1 பாஸ்கல் வேறுபாடு வந்துவிடும். ஃபேன் தருவது 0.3, குளிர்ச்சி தருவது 1. அதனால் மேலே சீலிங் ஓட்டைகள் வழியாகச் சூடான காற்று உள்ளே இறங்குகிறது, கீழே கதவிடுக்கு வழியாகக் குளிர்ந்த காற்று வெளியே கசிகிறது. கண் உயரத்தில் புகை உள்ளே போனதும், காலடியில் வெளியே வந்ததும் இதனால்தான். இரண்டும் ஒரே சமயத்தில், ஒரே கதவில்.

குளிர்நாட்டு வழிகாட்டுதல்களில் இந்த எச்சரிக்கை பெரிதாக இருக்காது. அங்கே வராந்தாவும் அறையும் ஒரே வெப்பநிலையில் இருக்கும். நமக்கு அப்படியில்லை.

ஒப்பந்ததாரர் சொன்ன தீர்வு, பெரிய ஃபேன் போடலாம் என்பது. அந்த ஓட்டைகளோடு 10 பாஸ்கல் வர வேண்டுமென்றால் வித்தியாசம் 190-இலிருந்து ஏறத்தாழ 1,080-க்குப் போக வேண்டும், கிட்டத்தட்ட ஆறு மடங்கு. வராந்தாவிலிருந்தும் சீலிங்கிலிருந்தும் ஈரப்பதமான சூட்டுக் காற்றை அவ்வளவு உள்ளே இழுத்தால் ஏசி திணறும், ஓடுகளின் விளிம்பில் தண்ணீர் கோக்கும், ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். நாங்கள் செய்தது வேறு. சட்ட சீலிங்கைக் கழற்றிவிட்டு, ஜிப்சம் பலகை அடித்து, இணைப்புகளைப் பூசி, விளக்கு, மருத்துவ வாயுக் குழாய், மின்குழாய் நுழையும் துளைகளை எல்லாம் சிலிகானால் அடைத்தோம். சுவிட்சுப் பெட்டிகளின் பின்னால் போகும் குழாய்களைக்கூட விடவில்லை. சுவருக்குள் ஓடுகிற மின்குழாய் காற்றுக்கும் குழாய்தான். கதவின் அடி இடுக்கை மட்டும் அப்படியே விட்டோம். காற்று நுழைய ஒரு வழி வேண்டும். அது எந்த வழி என்பதை நாம் தீர்மானிக்க வேண்டும். அதே ஃபேன், அதே வேகம். அழுத்தம் 9 பாஸ்கல் வந்தது.

எனவே முதல் வேண்டுகோள்: தனிமை அறையின் வரைபடத்தில் சட்ட சீலிங் போடாதீர்கள். சுவர் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிடாமல் கூரைத் தளம் வரை போகட்டும்.

இப்போது முன்னறை, அதாவது வராந்தாவுக்கும் அறைக்கும் நடுவே இரண்டு கதவுகளோடு இருக்கிற சிறிய அறை. அந்த அறைக்கு முன்னறை இருந்தது, ஒன்றரை மீட்டர் ஆழத்தில். அதன் வெளிக்கதவைக் கட்டுத்துணியால் சுவர்க் கொக்கியில் இழுத்துக் கட்டி வைத்திருந்தார்கள். உள்ளே இரண்டு ஆக்சிஜன் சிலிண்டர், ஒரு மூட்டை படுக்கை விரிப்பு. யாரையும் திட்டத் தோன்றவில்லை. நோயாளியைக் கட்டிலோடு கொண்டுவர வேண்டும். கட்டில் இரண்டே கால் மீட்டர் நீளம். ஒன்றரை மீட்டர் முன்னறையில் கட்டில் நிற்கிறபோது இரண்டு கதவும் திறந்தேதான் இருக்கும். வரைந்தவர் ஒரு மனிதர் நின்று கவுன் மாட்டுகிற இடமாக அதை நினைத்திருக்கிறார், கட்டிலை நினைக்கவில்லை. திறந்தே இருக்கிற கதவை எதற்குத் தினமும் மூட வேண்டும் என்று வார்டில் யோசித்திருக்கிறார்கள். நியாயம்தானே?

ஆனால் முன்னறை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கணக்காகவே பாருங்கள். கதவு மூடியிருக்கும்வரைதான் 10 பாஸ்கல். திறந்த நொடியில் அழுத்த வித்தியாசம் பூஜ்யம். 1.2 மீட்டர் அகலமும் 2.1 மீட்டர் உயரமுமான கதவு வழியாக நம் 190 கன மீட்டர் வித்தியாசம் உள்ளே நுழைகிற வேகம் நொடிக்கு இரண்டு சென்டிமீட்டர். நர்ஸ் நடக்கிற வேகம் நொடிக்கு ஒரு மீட்டர். அவர் முதுகுக்குப் பின்னால் இழுபட்டு வருகிற காற்றை இந்த இரண்டு சென்டிமீட்டர் தடுக்காது. அதோடு மறுபடியும் வெயில். ஒன்பது டிகிரி வித்தியாசத்தில், திறந்த கதவின் கீழ்ப்பாதி வழியாகக் குளிர்ந்த காற்று வெளியே கொட்டும், மேல்பாதி வழியாகச் சூடான காற்று உள்ளே ஏறும். குளிர்பதனக் கிடங்குகளின் கதவுக்குப் போடுகிற அதே கணக்கில் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 0.4 கன மீட்டர். ஃபேனின் வித்தியாசத்தைப்போல் ஏழு எட்டு மடங்கு. கதவு பத்து நொடி திறந்திருந்தால் 4 கன மீட்டர், அறைக் காற்றில் பத்தில் ஒரு பங்கு, வராந்தாவுக்குப் போய்விடும். ஒரு நாளில் அந்தக் கதவு எத்தனை தடவை திறக்கிறது என்று வார்டில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

முன்னறையின் வேலை இந்த இடத்தில்தான். அறைக்கதவு திறக்கும்போது வெளிக்கதவு மூடியிருக்க வேண்டும். முன்னறையும் அறையின் அதே 24 டிகிரியில் இருந்தால் உள்கதவில் அந்தக் கொட்டல் நின்றுவிடும். ஆகவே முன்னறைக்குத் தனியாகக் குளிர்ந்த காற்று கொடுங்கள். பலரும் மறப்பது இது. 'அங்கே யார் நிற்கப் போகிறார்கள்' என்று ஏசியை மிச்சம் பிடிக்கிறார்கள். அழுத்தம் படிப்படியாக இறங்கட்டும்: வராந்தா பூஜ்யம், முன்னறை 5 தாழ்வு, அறை 10 தாழ்வு. காற்று எப்போதும் வராந்தாவிலிருந்து முன்னறைக்கு, அங்கிருந்து அறைக்கு. இங்கிலாந்தில் முன்னறையை வராந்தாவைவிட 10 பாஸ்கல் உயர்த்தி வைக்கிற முறையும் உண்டு. நன்றாக வேலை செய்யும். ஆனால் அதில் அறையும் கழிவறையும் ஒரே தொகுதியாக ஒழுங்காகச் சமன் செய்யப்பட வேண்டும். இதற்குமுன் சட்ட சீலிங் போட்டவர்கள் அதைத் தொட வேண்டாம்.

ஒரு தப்பெண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்னறையில் ஒரு நிமிடம் நின்றால் காற்று சுத்தமாகிவிடும் என்று பயிற்சிகளில் சொல்கிறார்கள். மணிக்கு 12 காற்று மாற்றில் ஒரு நிமிடத்தில் போவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முன்னறை காற்றைச் சுத்தம் செய்வதைவிட, இரண்டு கதவும் ஒன்றாகத் திறக்காமல் இருப்பதால்தான் காப்பாற்றுகிறது. அதற்குக் கட்டில் உள்ளே நின்று இரண்டு கதவும் மூட வேண்டும். அதாவது மூன்று மீட்டர் ஆழம், இரண்டு பக்கமும் நகர்த்துகிற கதவு. திருப்புகிற கதவு விசிறிபோல் காற்றைத் தள்ளும், கட்டிலுக்கான இடத்தையும் தின்னும். ஒன்று திறந்தால் மற்றது பூட்டிக்கொள்ளும் இணைப்பு நல்லதுதான். ஆனால் அவசரத்துக்கு அதை மீறித் திறக்கிற பொத்தான் கை எட்டும் உயரத்தில், வெளிச்சத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் முதல் அவசரத்தன்றே அந்தப் பூட்டைக் கழற்றிவிடுவார்கள், திரும்ப மாட்ட மாட்டார்கள்.

இனி அந்த 15 பாஸ்கல். புகை வெளியே வரும்போது முள் எப்படி 15-இல் நின்றது? கேஜிலிருந்து போகும் மெல்லிய ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு சீலிங்கிற்கு மேல் ஏறினேன். ஒரு முனை வராந்தாவில் திறந்திருந்தது. இன்னொரு முனை அறைக்குள் வரவில்லை. எக்ஸாஸ்ட் டக்டில் துளையிட்டுச் செருகியிருந்தார்கள். கிரில்லுக்குப் பின்னால் டக்டுக்குள் ஃபேன் இழுக்கிற விசையைத்தான் கேஜ் அத்தனை நாளும் காட்டிக்கொண்டிருந்தது. அறைக் கதவை முழுக்கத் திறந்து வைத்தபோதும் முள் அசையவில்லை. எந்தத் தனிமை அறைக் கேஜுக்கும் முதல் சோதனை இதுவே: கதவைத் திறங்கள், முள் பூஜ்யத்துக்கு விழ வேண்டும். விழவில்லை என்றால் அது அளப்பது அறையை அல்ல.

அடுத்து அளவுகோல். மருந்துக் கம்பெனிகளிலும் ஏசி யூனிட்டுகளிலும் மாட்டுகிற 0–250 பாஸ்கல் கேஜையே இங்கேயும் மாட்டுகிறார்கள், ஸ்டோரில் இருக்கிறதென்று. முழு அளவில் 2 சதவீதப் பிழை என்றால் அதில் 5 பாஸ்கல். 2.5 பாஸ்கலைத் தேடுகிற இடத்தில் 5 பாஸ்கல் பிழை! லாரி எடைமேடையில் தங்கம் நிறுப்பது மாதிரி. பூஜ்யம் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் 30 வரை போகிற கேஜோ, அதே வரம்புள்ள மின்னணுக் கருவியோ வாங்குங்கள். பூஜ்யம் நடுவில் இருந்தால் அறை தலைகீழாகி உயர் அழுத்தத்துக்குப் போனாலும் தெரியும். ஓரத்தில் பூஜ்யம் உள்ள கேஜில் அது வெறும் பூஜ்யமாகத்தான் தெரியும். அலாரம் வைத்தால் ஒரு நிமிடம் தாமதம் கொடுங்கள். கதவு திறக்கும்போதெல்லாம் கத்தினால் இரண்டாம் நாளே வயரைப் பிடுங்கிவிடுவார்கள்.

அந்த வார்டில் ஒரு பதிவேடும் இருந்தது. தினமும் மூன்று வேளை, 15, 15, 15. எக்ஸாஸ்ட் மோட்டார் எரிந்து நான்கு நாள் ஃபேன் ஓடாததாக மின்பிரிவின் புத்தகத்தில் எழுதியிருந்தது. அந்த நான்கு நாளும் இங்கே 15 தான். எழுதியவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? மாறாத எண்ணை எழுதச் சொன்னால் யாரும் அப்படித்தான் எழுதுவார்கள். எண்ணோடு சேர்த்து, 'கதவடியில் புகை உள்ளே / வெளியே' என்று ஒரு கட்டம் வையுங்கள். அதை எழுத ஆள் குனிய வேண்டும். கேஜ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நோயாளி இருக்கிற நாளெல்லாம் புகை வைத்துப் பார்க்கச் சொல்கிறது நான் மேலே சொன்ன 2005 வழிகாட்டுதலும். ஆக்சிஜன் ஓடுகிற இடத்தில் நெருப்பு கூடாது. ஊதுபத்திக்குப் பதில் பஞ்சு நுனியிலிருந்து நெருப்பில்லாமல் புகை தருகிற சிறு குப்பிகள் கிடைக்கின்றன, அதை வாங்கிக் கொடுங்கள். (நான் கொளுத்தியபோது அறையில் நோயாளி இல்லை, முன்னறையிலிருந்த சிலிண்டர்களை முதலில் வெளியே எடுத்துவிட்டுத்தான் கொளுத்தினேன்.)

வெளியேற்றத்துக்கு வருகிறேன். இழுத்த காற்றை எங்கே விடுகிறோம் என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1950-களின் பிற்பகுதியில் பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலியும் அவர் கூட்டாளிகளும் ஒரு காசநோய் வார்டின் எக்ஸாஸ்ட் காற்றை டக்ட் வழியாகக் கினிப் பன்றிகள் இருந்த கூண்டறைக்குக் கொண்டுபோனார்கள். நோயாளிகளை ஒருபோதும் பார்க்காத அந்தப் பன்றிகளுக்குக் காசநோய் வந்தது. அதே காற்றைப் புற ஊதா ஒளி வழியாக அனுப்பிக் கொடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. டக்டில் போகிற காற்று நோயைச் சுமந்து போகும் என்பது அங்கேயே முடிந்த விவாதம்.

ஆகவே ஃபேன் டக்டின் கடைசியில், மொட்டைமாடியில் இருக்கட்டும். அப்போது கட்டடத்துக்குள் ஓடுகிற டக்ட் முழுக்கத் தாழ்வழுத்தத்தில் இருக்கும். இணைப்பில் ஓட்டை விழுந்தாலும் காற்று உள்ளேதான் போகும். ஃபேனை அறைக்குப் பக்கத்தில் வைத்தால் அதற்கப்பால் உள்ள டக்ட் உயர் அழுத்தத்தில் இருக்கும். ஒவ்வொரு ஓட்டையும் சீலிங்கிற்கு மேல் ஊதும். டக்டின் வாய் கூரைக்கு மேல் மூன்று மீட்டர் உயரத்தில், நேராக மேல்நோக்கி, எந்த ஜன்னலிலிருந்தும் காற்று உள்வாயிலிலிருந்தும் ஏழரை மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கட்டும். மழைக்கென்று கூம்புத் தொப்பி போடாதீர்கள். அது காற்றைக் கீழே திருப்பி மாடியிலேயே கொட்டும். மழைநீருக்கு அடியில் ஒரு வடிகால் துளை போதும்.

அந்த இடைவெளி கிடைக்காத நெரிசலான ஊர்களில் ஹெப்பா ஃபில்டர் கட்டாயம். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் என்பது சரிதான், ஆனால் சட்டத்தின் விளிம்பில் ரப்பர் சரியாக உட்காராவிட்டால் காற்று அந்த வழியே போகும். மாட்டிய இடத்திலேயே கசிவுச் சோதனை செய்யாத ஹெப்பா, மின்கட்டணத்தைக் கூட்டுகிற ஒரு தடை. புதிதாக இருக்கும்போதே 250 பாஸ்கல் வரை எதிர்ப்புத் தரும். தூசி சேரச்சேர அது இரட்டிப்பாகும். ஃபேனைத் தேர்வு செய்யும்போது அந்த இரட்டிப்பையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். முன்னால் ஒரு மலிவான ஃபில்டர் போட்டால் ஹெப்பா நீடிக்கும்.

ஃபில்டர் அடைத்தால் நடப்பதையும் நம் அறையின் எண்களிலேயே பாருங்கள். இழுப்பு 504-இலிருந்து மெல்ல இறங்கி 220-க்கு வந்துவிட்டது என்று வையுங்கள். தள்ளுகிற ஃபேனுக்கு அது தெரியாது; அது 314 தள்ளிக்கொண்டே இருக்கும். இப்போது 94 கன மீட்டர் அதிகமாக உள்ளே வருகிறது, அறை 2.5 பாஸ்கல் உயர் அழுத்தமாகிவிட்டது. நன்றாக அடைத்த அறை என்பதால் இந்தத் தவறும் நன்றாகவே வேலை செய்யும். மின்சாரம் போய் ஜெனரேட்டர் வரும்போதும் இதே ஆபத்து: தள்ளுகிற ஃபேன் முதலில் ஓடி, இழுக்கிற ஃபேன் தாமதமானால் அந்த இடைவெளியில் அறைக் காற்று வராந்தாவுக்குப் போகும். டக்டில் காற்றோட்டத்தை உணர்கிற ஒரு சுவிட்ச் வையுங்கள். இழுப்பு இருப்பதாக அது சொன்னால் மட்டுமே தள்ளுகிற ஃபேன் ஓடட்டும். மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்பது போதாது, பெல்ட் அறுந்தாலும் மோட்டார் ஓடும்.

செலவு பற்றி நீங்கள் கேட்பதற்குமுன் நானே சொல்கிறேன். 504 கன மீட்டர் வெளிக்காற்றைக் கடலோர ஊரின் வெயிலிலிருந்து 24 டிகிரிக்குக் கொண்டுவர, காற்றுக்கு மட்டும் ஏறத்தாழ ஒன்றே முக்கால் டன் ஏசி வேண்டும். அறைக்கு ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி போட்டுவிட்டு எக்ஸாஸ்ட்டை ஓடவிட்டால் அறை குளிராது. நோயாளி புழுங்குவார், உறவினர் சண்டை போடுவார், யாராவது எக்ஸாஸ்ட்டை நிறுத்துவார்கள். நான் பார்த்த அறைகளில் எக்ஸாஸ்ட் நின்று கிடந்ததற்கு மோட்டார் பழுதைவிட இந்தப் புழுக்கமே அதிகம் காரணம். ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே சுழற்றுகிறது; அதைக் காற்று மாற்றில் சேர்க்கவும் கூடாது.

இதையெல்லாம் பராமரிக்க ஆளும் பணமும் இல்லாத இடமா? அப்படியானால் இந்த அறையைக் கட்டாதீர்கள். பெருவின் லிமாவில் செய்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், ஜன்னல்களையும் கதவுகளையும் திறந்து வைத்த அறைகளில் மணிக்கு 28 காற்று மாற்று அளந்தார்கள். இயந்திரம் வைத்த தாழ்வழுத்த அறைகளில் 12. உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள பழைய கட்டடங்கள் அதிலும் முந்தின. காற்று எந்தப் பக்கம் போகும் என்பது அங்கே நம் கையில் இல்லை, காற்றடிக்காத இரவில் கணக்கு கவிழும். ஆனாலும் ஃபேன் நின்ற, ஜன்னல் திறக்க முடியாத 'நெகட்டிவ் பிரஷர் அறை'யைவிட, தனியாகத் தள்ளிக் கட்டிய, எதிரெதிர் ஜன்னல் வைத்த ஓட்டுக்கூரைக் கட்டடத்தில் ஒரு காசநோயாளியைப் பார்த்துக்கொள்ள நான் துணிந்து போவேன்.

கட்டுவதாக இருந்தால், ஒப்படைக்கும் நாளில் ஒரு மதியம் ஒதுக்குங்கள், வராந்தா நன்றாகச் சூடேறிய பிறகு. காலை பத்து மணிக்குச் சோதித்தால் அந்த 1 பாஸ்கல் தலைகாட்டாது. அறையை 24-க்குக் குளிர்வித்து, எல்லாக் கதவையும் மூடி, கேஜைப் படித்து, என் போன்ற ஒருவரின் கருவியோடு ஒப்பிட்டு, கதவைத் திறந்து முள் விழுவதைப் பார்த்து, ஃபேனை நிறுத்தி அலாரம் கத்துகிறதா என்று கேட்டு, கட்டிலை உள்ளே தள்ளி முன்னறையில் இரண்டு கதவும் மூடுகிறதா என்று பார்த்து, கடைசியாக நீங்களே மண்டியிட்டுக் கதவடியில் புகை பிடியுங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு. நான் முதலில் சொன்ன அறையின் பொறியாளர் சீலிங்கை அடைத்தபின் அப்படித்தான் செய்தார், வெள்ளைப் பேண்ட்டோடு தரையில் முழங்கால் ஊன்றி.

இப்படிக்கு,
காற்று அளக்கிறவன்